வாயால் சொல்லாத நோய்

அக்கா போய்க்கொண்டிருந்த கிறிஸ்தவ சபை செகந்திராபாத் பக்கம் ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு ஜவுளிக்கடையின் மேல்மாடியில் இருந்தது. மதத்தையும் நுகர்வையும் பற்றி நான் ஒரு சமூகவியல் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். அதற்காக எட்டு மாதம் அல்வாலிலிருந்து அவளோடும் அத்தானோடும் ஞாயிறுதோறும் அங்கே போய்க் குறிப்பெடுத்தேன்.

காணிக்கை ஒரு விதை, பல மடங்காகத் திரும்பும் என்று அங்கே போதித்தார்கள். வேண்டியது கிடைத்துவிட்டதாகவே அறிக்கையிட வேண்டும். நோயை வாயால் சொல்லக் கூடாது, சொன்னால் பலித்துவிடும். சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் முன்கூட்டியே சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். புது வீடு, பதவி உயர்வு, விசா என்றால் மைக் கிடைக்கும். இன்னும் காத்திருப்பவர்களுக்குக் கிடைக்காது. அதனால் எல்லோருக்கும் பலித்ததுபோலவே தோன்றும். வாங்கிய பொருள்தான் இங்கே விசுவாசத்துக்கு அத்தாட்சி என்று எழுதினேன்.

என் சிறந்த உதாரணம் அக்காதான். ஒரு ஞாயிறு புதுக் காரின் சாவியோடு மேடையேறினாள். போதகர் அதன்மேல் கை வைத்து ஜெபித்தார். "என் வீட்டுக்காரர் பூரண சுகத்தோட இருக்கார்" என்றாள். எல்லோரும் அல்லேலூயா என்று முழங்கினார்கள். அத்தானின் சட்டை தொளதொளவென்று இருந்ததையும், காரை அவர் ஓட்டாததையும் அன்றைய குறிப்பில் எழுதியிருக்கிறேன். சர்க்கரைக்காகச் சாப்பாட்டைக் குறைத்திருப்பதாக முன்பே சொல்லியிருந்தார். நானும் மேலே கேட்கவில்லை.

இரண்டு மாதத்தில் செகந்திராபாத் ஆஸ்பத்திரி ஒன்றில் அத்தான் இறந்தார். வயிற்றில் புற்றுநோய். ஒரு வருடமாக வைத்தியம் நடந்திருக்கிறது, யாருக்கும் தெரியாமல்.

அடக்கம் முடிந்து சில வாரம் கழித்துக் கட்டுரையை அக்காவிடம் கொடுத்தேன். முழுவதும் படித்தாள்.

"பெருமைக்குக் கார் வாங்கினேன்னு நெனச்சியா?"

"அப்படி எழுதலைக்கா."

"சுகமாகி அவரே ஓட்டுவார்னு வாங்கினேன். முன்னாடியே வாங்குறதுதான் விசுவாசம்னாங்க. அவர் நக்கோ நக்கோ, வேண்டாம்னார். நான்தான் கேக்கலை."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நோயை வாயால சொன்னதாயிடுமே. வாராவாரம் பக்கத்துலதானே உக்காந்திருந்தே. நீயா கேப்பேன்னு நெனச்சேன்."

கட்டுரையை மடியில் வைத்துவிட்டு அவளே கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில ஒரு தடவை, என்னை விட்டுட்டுப் போயிடுவீங்களான்னு வாய் தவறிக் கேட்டுட்டேன். அதனாலதான் போனாரா? நீ படிச்சவதானே, சொல்லு."

பலிக்காதபோது பழி நம்பியவர்மேலேயே விழும் என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். அந்தப் பக்கம் அவள் மடியில்தான் கிடந்தது.

"இல்லைக்கா" என்றேன். அவள் நம்பவில்லை.

அவளைப் பற்றிய பகுதியை நீக்கிவிட்டுத்தான் கட்டுரையை அனுப்பினேன். அக்கா இன்றும் அந்தச் சபைக்குப் போகிறாள். அத்தானைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை. கர்த்தர் புதிய காரியம் செய்வார் என்று சொல்லிக் கைகுலுக்குகிறார்கள். அவளும் ஆமென் என்கிறாள்.