ராசமலரின் கேள்வி அட்டைகள்

ராசமலர் என் மனைவி. டென்மார்க்கின் ஹோர்சன்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளராக வேலை செய்கிறாள். நான் ஆனந்தராஜா, களஞ்சியமொன்றில் பெட்டி ஏற்றி இறக்குகிறவன். வீட்டில் கோபக்காரர் யாரென்று கேட்டால் எங்கள் மகள் நிலக்சி யோசிக்காமல் என்னைக் காட்டுவாள். அப்படிப்பட்ட என்னைத்தான் இந்த வசந்தகாலத்தில் சாப்பாட்டு மேசையில் பரீட்சகராக உட்கார வைத்தார்கள்.

உதவியாளர் வேலை அவளுக்குப் போதவில்லை. அறையில் ஒருவருக்கு மயக்கம் வந்தால், மணியை அடித்துவிட்டு வேறொருவர் வரும்வரை கையைப் பிசைந்துகொண்டு நிற்பது அவளுக்குப் பிடிக்காது. அதற்கு அடுத்த படியான, மருந்துப் பொறுப்பும் நோயாளியின் நிலைமையைக் கணிக்கும் பொறுப்பும் உள்ள அசிஸ்டண்ட் வேலைக்குப் படிக்கிறாள். அந்தப் படிப்பில் வாய்மொழிச் சோதனை ஒன்று உண்டு. மேசையில் கவிழ்த்து வைத்திருக்கும் துண்டுகளில் ஒன்றை எடுக்க வேண்டும். கொஞ்ச நேரம் தனியே இருந்து யோசிக்கவிடுவார்கள். பிறகு சொந்த ஆசிரியையும், வெளியிலிருந்து வரும் சென்சோர் என்கிற இரண்டாவது பரீட்சகரும் எதிரே இருக்க, அதைப் பற்றிக் கதைக்க வேண்டும்.

முதல் தடவை அவள் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட முறைப்படிதான் ஆயத்தம் செய்தாள். வகுப்புக் குறிப்புகளில் உள்ள ஒவ்வொரு தலைப்பையும் ஒரு கேள்வியாக்கினாள். நீரிழிவு என்றால் என்ன? அதன் வகைகள் யாவை? ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் பதில். வெங்காயம் வெட்டும்போதும் உடுப்பு மடிக்கும்போதும் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்கு ஒரே பெருமை. இங்கத்தைய உச்சப் புள்ளியான பன்னிரண்டுதான், அதற்குக் குறைக்க மாட்டார்கள் என்று அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கும் என் தங்கை மாக்கிரட்டுக்குப் போனில் சொல்லியும் விட்டேன்.

தவறிவிட்டாள்.

என்ன நடந்ததென்று கேட்டால் அவளுக்கே விளங்கவில்லை. துண்டில் இருந்தது இன்சுலின் போடும் ஒரு வயோதிபர். மதியச் சாப்பாட்டுக்கு முன் வியர்த்துக்கொட்டுகிறது, கை நடுங்குகிறது, பேச்சுத் தடுமாறுகிறது. இவள் "நீரிழிவு என்பது" என்று தொடங்கினாள். சென்சோர் இடையில் மறித்து, முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பதில் பிழைத்துவிட்டதாக்கும் என்று நினைத்து, இவள் மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்கினாள். ஒருவழியாக, இரத்தத்தில் சீனியை அளப்பேன், குறைவாக இருந்து அவரால் விழுங்கவும் முடிந்தால் ஜூஸ் கொடுப்பேன் என்று சொன்னாள். அது சரியான பதில். "நிச்சயமா?" என்று கேட்டார் அவர். இவள் உடனே பதிலை மாற்றி, ஒன்றும் கொடுக்காமல் டாக்டர் வரும்வரை காத்திருப்பேன் என்றாள். அத்தோடு சரி.

"எங்கட ஊர் ரீச்சர் 'நிச்சயமோ' எண்டு கேட்டா பிழை எண்டுதானே அர்த்தம்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

வேறென்ன அர்த்தம் என்றேன் நான். நிலக்சி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இங்கே பிறந்து, சின்ன வயதிலிருந்தே இந்தச் சோதனைகளில் வளர்ந்தவள். அவள் டெனிஷில் பொறுமையாகச் சொன்னாள்: இடையில் மறித்தால், அது உனக்குத் தெரிகிறது, அடுத்ததுக்குப் போ என்று அர்த்தம். நிச்சயமா என்று கேட்டால், ஏன் என்று சொல் என்று அர்த்தம். சரியான பதிலுக்கும் கேட்பார்கள், பிழையான பதிலுக்கும் கேட்பார்கள்.

அப்படியென்றால் சரியா பிழையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எனக்குத் தலை சுற்றியது. மரியாதையான மனிதர் சரியென்றால் தலையாட்ட வேண்டும், பிழையென்றால் முறைக்க வேண்டும். இதென்ன கோதாரி விழுந்த சோதனை என்று நான் கத்த, ராசமலர் என்னைச் சும்மா இருக்கச் சொன்னாள். மறுசோதனை ஒன்று தருவார்கள். அதிலும் தவறினால் பயிற்சி ஒப்பந்தம் முடிந்துவிடும் என்று எழுதியே கொடுத்திருந்தார்கள்.

தாயும் மகளும் பழைய பக்கங்களைத் தூக்கி வைத்துவிட்டு அட்டைகள் வெட்டினார்கள். இந்தத் தடவை தலைப்பு கேள்வியாகவில்லை. ஒரு பக்கக் குறிப்பை வாசித்து, இதெல்லாம் யாருடைய உடம்பில் எப்போது தெரியும் என்று ராசமலர் யோசித்தாள். இல்லத்தில் அவள் பராமரித்த ஆட்கள் முகம் முகமாக நினைவில் இருந்தார்கள். ஆகவே கேள்வி இப்படி வந்தது: காலில் புண் ஆறாத நீரிழிவுக்காரர், எதைக் கவனிப்பீர்கள்? அட்டையின் பின்பக்கம் முழு வசனம் எழுத நிலக்சி விடவில்லை. மூன்றே தலைப்பு: நான் காண்பது, நான் செய்வது, ஏனென்றால். ஒவ்வொன்றுக்கும் இரண்டொரு சொல் மட்டும். மிச்சத்தை வாயால் சொல்லவேண்டும், ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரிச் சொன்னாலும் பரவாயில்லை, ஆனால் ஒரு நிமிடத்துக்குள் முடிக்கவேண்டும். அதன் கீழே, சென்சோர் தொடுக்கக்கூடிய கிளைக்கேள்விகள். அவருக்கு மயக்கம் போட்டால்? அவர் மறுத்தால்? கடைசியில் எல்லா அட்டையிலும் ஒரே வரி: "நிச்சயமா? — ஓம், ஏனென்றால்."

அந்த வரியைக் கேட்பதுதான் என் உத்தியோகம். எங்கே மறிப்பது என்று எனக்கு ஒருநாளும் பிடிபடவில்லை. அவள் மூச்சு வாங்கும்போது மறித்தேன், நல்லாகச் சொல்லும்போதும் மறித்தேன். ஒருநாள் கரண்டியை எறிந்துவிட்டு எழுந்து போனாள். மற்றநாள் அவளே அட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். மெல்ல மெல்ல, நான் "நிச்சயமா?" என்றால் அவள் "ஓம், ஏனென்றால்" என்று தயங்காமல் சொல்லப் பழகினாள். எனக்கு மறுபடியும் பெருமை வந்தது. மாக்கிரட்டுக்கு மட்டும் போன் எடுக்கவில்லை.

மறுசோதனையன்று நான் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூட நடையில் காத்திருந்தேன். கதவு திறந்து ராசமலர் வெளியே வந்தாள். உள்ளே அவர்கள் இருவரும் புள்ளி பேசுகிறார்கள், பிறகு கூப்பிடுவார்கள் என்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என்ன வந்தது என்று கேட்டேன்.

மறதிநோய் உள்ள ஒரு மூதாட்டி. நேற்றுவரை அமைதியாக இருந்தவர், இன்று திடீரென்று ஆளைத் தெரியாமல் குழம்பிப்போய், கட்டிலைவிட்டு இறங்கி அலைகிறார். மறதிநோய் இப்படி ஒரே நாளில் முற்றாது, வேறேதோ இருக்கிறது, சிறுநீரில் கிருமியாக இருக்கலாம் என்று சொன்னாளாம். உடனே சென்சோர் கேட்டாராம், நிச்சயமா?

"நீர் ஓம் எண்டு சொன்னனீர்தானே?"

"இல்லை எண்டு சொன்னன்."

இத்தனை நாள் கரண்டி எறியும் ஏச்சும் வாங்கிக்கொண்டு நான் பழக்கியது எதற்கு? நடை முழுக்கக் கேட்கும்படி ஏசியிருப்பேன். அவள் என் கையைப் பிடித்து அமர்த்தினாள்.

"இன்னும் நிச்சயமில்லை எண்டு சொன்னன். தண்ணி குடியாமலும் இருக்கலாம், மலச்சிக்கலா இருக்கலாம், எங்கையாவது நோகலாம். அதால காய்ச்சலும் நாடியும் பாப்பன், எவ்வளவு குடிச்சவ, சலம் போகேக்க எரியுதோ எண்டு பாப்பன், உடன நேர்ஸுக்குச் சொல்லுவன் எண்டன். அந்த மனுசி அங்க அலைஞ்சுகொண்டு நிக்குது. நான் எப்பிடி ஓம் எண்டுறது?"

அந்த மனுசி வெறும் துண்டில் இருக்கிறவ என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் சொன்ன பதில் நல்லதா கெட்டதா என்று எனக்கு விளங்கவில்லை. அவளுக்கும் விளங்கவில்லை. இரண்டு பேரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

கூப்பிட்டார்கள். போனாள். திரும்பி வந்து, "ஏழு" என்றாள்.

"பன்னிரண்டில ஏழோ?"

"இஞ்ச அது நல்ல புள்ளியப்பா. நான் பாஸ்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அழவில்லை. நடையோரத்து வாங்கில் உட்கார்ந்து, என்னிடம் இருந்த அட்டைக் கட்டைக் கேட்டாள். அடுத்த மாதம் அவளோடு படிக்கிற ஷாமிலாவுக்குச் சோதனை, அவளுக்குக் கொடுக்க வேண்டுமாம். கொடுப்பதற்கு முன் பேனையை எடுத்து, மறதிநோய் அட்டையின் கடைசி வரியில் இருந்த "ஓம்" என்பதை வெட்டிவிட்டு மேலே எழுதினாள்: "இன்னும் இல்லை, ஏனென்றால்."