வேலியோரம் கட்டிய மாடு

இசக்கிச்செல்வியப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லுன்னா எனக்கு வாய் வராது. ஆனா அவளப் பத்திச் சொல்லணும்னா என்னைய விட்டா வேற ஆளும் கிடையாது. இருவது வருசமா பக்கத்து வீடு. என் பேரு வள்ளித்தாய். குத்துக்கல்வலசையில கடைசித் தெரு எங்களுது. புதுசு புதுசா மாடி வீடு வந்து, மாடு வச்சிருக்கவங்கன்னு எண்ணினா இப்ப ஒம்பது குடும்பம்தான் மிச்சம்.

அவ திருவேங்கடம் பக்கத்துக்காரி. மழையப் பாக்காத ஊரு. குத்தாலத்துச் சாரல் அடிக்கிற ஊருக்கு வாக்கப்பட்டு வந்தும் அந்த வறட்சி அவ மனசுல இருந்து போகல. புருசன் சுபாஷ் புளியரை வழியா கேரளாவுக்கு லாரி ஓட்டுதான். மாசத்துல பத்து நாள் வீட்டுல இருந்தா அதிகம். மூணு மாட்ட வச்சு, சீசனுக்கு ஐந்தருவி டீக்கடைகளுக்குப் பால் ஊத்தி, மகளை நர்சிங் படிக்க வச்சவ இவதான். அதுல நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனா கோவம் வந்துட்டா மனுசியே இல்ல. ஒரு தடவை டீக்கடைக்காரன் ஒருத்தன் பால்ல தண்ணி இருக்குன்னு நாலு பேரு முன்னால சொல்லிட்டான். மறுநாள் காலையில இவ பால்மானியும் செம்புமா அவன் கடை வாசல்ல போய் நின்னா. குளிச்சுட்டு ஈரத் துண்டோட வர்ற டூரிஸ்டுகள ஒவ்வொருத்தரா நிப்பாட்டி, 'பாருங்கய்யா, இதுல தண்ணி எங்கன இருக்கு'ன்னு அளந்து காட்டினா. ஒரு நாள் இல்ல, மூணு நாள். நாலாம் நாள் அவன் கையெடுத்துக் கும்பிட்டான். அதுக்கப்புறம்தான் மறுபடி பால் ஊத்தினா. அப்பல்லாம் எனக்கு அவ மேல அம்புட்டுப் பெருமை.

இப்ப விசயத்துக்கு வாரேன். எங்க தெருவுக்குப் பின்னால விஸ்வநாதன் அண்ணாச்சியோட பண்ணை. பழைய நிலக்காரங்க. கோயில் திருவிழான்னா முதல் மரியாதை அந்த வீட்டுக்குத்தான். பண்ணையில பதினோரு மாடு. பண்ணைக்கும் எங்க தொழுவங்களுக்கும் நடுவுல ஒரு கம்பிவேலி, அதை ஒட்டி அம்மன் கோயில் பொறம்போக்கு, அவ்வளவுதான். ஆனி மாசம், சாரல் தொடங்கின வாரத்துல, அண்ணாச்சி எங்கிருந்தோ ஒரு கலப்பின மாட்டப் புதுசா வாங்கிட்டு வந்தாரு. வந்த மாடு தீவனம் எடுக்கல. கண்ணுலயும் மூக்குலயும் நீர் வடிஞ்சுது. நாலு நாள்ல மேலெல்லாம் கட்டி கட்டியா கிளம்பிருச்சு, ஒவ்வொண்ணும் அஞ்சு ரூவா நாணயம் கணக்கா.

வேலி வழியா செல்விதான் முதல்ல பாத்தா. மாட்டு டாக்டரம்மாவக் கூப்பிடுங்க அண்ணாச்சி, மாட்டத் தனியாக் கட்டுங்கன்னு அங்கன இருந்தே சொன்னா. அவரு மாட்டுக் கழுத்துல வேப்பங்குலையக் கட்டிவிட்டுட்டு, 'அம்மன் விளையாடுதா. வாயக் குடுக்காத'ன்னு சொல்லிட்டாரு. எங்க தெருவுல அந்தச் சொல்லுக்கு மேல பேச்சே கிடையாது. அம்மன் வந்த மாட்டுக்கு ஊசி போடக்கூடாது, குத்தம் சொல்லக்கூடாது, விரட்டக்கூடாது. அதை நல்லாத் தெரிஞ்சுகிட்டுதான் அந்த மனுசன் சொன்னாரு. நோவுன்னு வெளிய தெரிஞ்சா பண்ணைப் பாலுக்குக் கெட்ட பேரு வந்துரும்லா.

பன்னெண்டாம் நாள் செல்வி வீட்டுக் கன்னுக்குட்டிக்குக் காய்ச்சல். ரெண்டு மாசக் குட்டி. வாயெல்லாம் புண்ணு, பால் குடிக்க முடியல. முன்னங்கால் சந்துல நெறி கட்டி, கால் வீங்கி, எந்திரிக்கவே இல்ல. டாக்டரம்மா ஸ்ரீவித்யா வந்து பாத்ததும் இது தோல் கழலை நோய்னு சொல்லிட்டாங்க. வைரஸாம். மருந்து குடுத்து அதைக் கொல்ல முடியாதாம், மாடு தாங்கித்தான் மீளணுமாம். நாம செய்யக்கூடியது காய்ச்சலக் குறைக்கது, புண்ணுல வேற கிருமி ஏறாம பாக்கது, வயித்துக்கு ஏதாவது இறக்கிவிடுதது. குட்டி அஞ்சாம் நாள் செத்துட்டு. அன்னைக்குச் சாயந்தரம் தாய் மாடு செவலைக்கும் கட்டி கிளம்பிருச்சு.

எப்படி வந்துச்சுன்னு செல்வி கேட்டா. டாக்டரம்மா பொறுமையாச் சொன்னாங்க. கடிக்கிற ஈயும் கொசுவும் உண்ணியும்தான் கொண்டு வருது. ஒரு மாட்டக் கடிச்சிட்டு இருக்கும்போதே வாலடி வாங்கின ஈ பக்கத்து மாட்டுல போய் உக்காந்து மிச்சத்தக் குடிக்கும், நோயும் அந்த வாயோடயே போகும். ஈரமும் சாணியும் இருக்க இடத்துல ஈக்குப் பஞ்சமே இல்லைன்னாங்க. நோவு வந்த மாட்டத் தனியா வச்சு வலை போடச் சொன்னாங்க. செல்வி வேலியவே பாத்துக்கிட்டு நின்னா. பாடத்த நல்லாப் படிச்சுட்டான்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுது.

மறுநாள் எங்கிட்ட வந்து சொன்னா.

"அவரு தொழுவத்துல ஒரு மாடு நல்லா நிக்கக்கூடாது வள்ளி. அவரு ஈய எங்கிட்ட அனுப்புனாருல்லா, நான் அதைத் திருப்பி அனுப்புதேன்."

நான் தடுத்திருக்கணும். தடுக்கல. செத்த குட்டி என் கண்ணுக்குள்ளயே நின்னுச்சு. அந்த மனுசன் கலங்கணும்னு எனக்கும் இருந்துச்சு. செவலை கழுத்துல வேப்பங்குலையக் கட்டினோம். அவ முன்னால இழுக்க, நான் பின்னால பத்திக்கிட்டுப் போனேன். பொறம்போக்குல, பண்ணை வேலிய ஒட்டிக் கட்டிப்போட்டோம். பத்து நாள், தினம் மத்தியானம். அண்ணாச்சி வந்து என்னம்மா இதுன்னு கேட்டாரு. அம்மன் விளையாடுதா அண்ணாச்சி, வாயக் குடுக்காதீங்கன்னு அதே வார்த்தைய அவரு மூஞ்சியில போட்டா. மனுசன் வந்த வழியே திரும்பிப் போனாரு. நாங்க வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து சிரிச்சோம்.

கட்டிப்போட்ட நேரம் போக, செவலைய அவ கவனிச்ச கவனிப்பையும் சொல்லணும். வெத்தல, மிளகு, உப்பு, வெல்லம் அரைச்சு கொஞ்சங் கொஞ்சமா நாக்குல தேச்சுவிட்டா. குப்பைமேனி, வேப்பிலை, பூண்டு, மஞ்சள் போட்டு எண்ணெய் காய்ச்சிப் புண்ணுல பூசினா. டாக்டரம்மா ஊசியும் போட்டாங்க. கஞ்சியாக் காய்ச்சிக் குடுத்தா. மூணு வாரத்துல செவலை தேறிட்டு. ஒரு கையால மருந்து பூசி, மறு கையால அந்த மாட்டையே கத்தியா வச்சிருந்தா அவ.

அண்ணாச்சி பண்ணையில ஒண்ணும் ஆகல. ஒரு மாட்டுக்கும் ஒரு கட்டிகூட வரல. புது மாடுகூடத் தேறிட்டு.

என் லட்சுமிக்குத்தான் வந்துச்சு.

எனக்கு இருந்ததே அந்த ஒரு மாடுதான். ஏழு மாசச் சினை. என் தொழுவம் பொறம்போக்குல இருந்து இருவது எட்டு வைக்கிற தூரம்தான். ஈ கிழக்க பண்ணைக்குப் பறக்கும், மேற்க எங்க பக்கம் பறக்காதுன்னு நாங்களா நினைச்சுக்கிட்டோம் பாத்துக்கோங்க, அந்த மூளைய என்னத்தச் சொல்ல. காய்ச்சல் வந்த நாலாம் நாள் கட்டி, எட்டாம் நாள் சினை கலஞ்சு விழுந்துட்டு. முடி முளைச்ச குட்டி. செவலை நிறம்.

டாக்டரம்மாதான் அந்தப் பண்ணைச் சங்கதியச் சொன்னாங்க. சித்திரையில தடுப்பூசி முகாம் வந்துச்சு. ஆட்டம்மை ஊசிதான், மாட்டுக்கு இந்த நோய் வராம இருக்கப் போடுதாங்க. அண்ணாச்சி அன்னைக்கே பதினொண்ணுக்கும் போட்டுட்டாரு. அதுக்கப்புறம் வாங்கின மாட்டுக்குத்தான் போடாம விட்டாரு. எங்க தெருவுல ஒருத்தரும் போடல. ஏன் போடலன்னு டாக்டரம்மா கேட்டப்ப நான் செல்வியத் திரும்பிப் பாத்தேன். ஊசி போட்டா சினை கலஞ்சிரும், பால் வத்திரும்னு வீடு வீடாச் சொல்லிட்டு வந்தவ அவதான். எனக்கும் அவதான் சொன்னா. நானும் நம்பினேன்.

அன்னைக்கு அவள என் வாசல்ல ஏற விடல. வாயில வந்ததெல்லாம் சொன்னேன். மறுநாள் விடியக்காலம் அவ கஞ்சிச் சட்டியோட வந்து தொழுவத்துக்கு வெளிய வச்சுட்டுப் போனா. கொசுவலை கொண்டு வந்து கட்டினா. புண்ணக் கழுவினா. ஈ முட்டை வச்ச இடத்துல புழுவ ஒவ்வொண்ணா எடுத்தா. இருவத்திரண்டு நாள் வந்தா. நான் ஒரு வாய்த் தண்ணி குடுக்கல. குடுக்கணும்னு தோணவும் இல்ல. என் மாடு பொழைக்கணும், அவ வேகணும், ரெண்டும் எனக்கு ஒண்ணா வேண்டியிருந்துச்சு. லட்சுமி பொழைச்சுட்டு. தோலெல்லாம் குழி குழியா இருக்கு, இனி சினை பிடிக்குமான்னு தெரியல.

ஆவணியில பால் சொசைட்டி முத்தத்துல டாக்டரம்மா கூட்டம் போட்டாங்க. நோவு வராத மாடு தெருவுல இன்னும் பதினஞ்சு இருக்கு, சுத்தி இருக்க ஊர் மாடும் இருக்கு, எல்லாத்துக்கும் உடனே ஊசி போடணும், தொழுவத்துல சாணி சேர விடக்கூடாது, நோவு வந்தா மறைக்கக்கூடாதுன்னு சொன்னாங்க. ஒருத்தரும் அசையல. அம்மன் வந்த தெருவுல ஊசி போட்டா கோவம் இன்னும் கூடும்னு ஒரு பெருசு சொல்லிச்சு. எல்லாரும் தலையாட்டினாங்க. விஸ்வநாதன் அண்ணாச்சி முன் நாற்காலியில உக்காந்து, அவரும் தலையாட்டினாரு. சொந்த மாட்டுக்கு ஊசி போட்டுட்டு வந்து உக்காந்து தலையாட்டுதாரு பாருங்க.

செல்வி எந்திரிச்சா.

"அம்மன் ஒண்ணும் வரல. என் நோவு மாட்ட நான்தான் வேணும்னே வேலியோரம் கட்டினேன். அண்ணாச்சி மாடு சாகணும்னு கட்டினேன். ஊசி போட்ட மாடு தப்பிச்சுட்டு. ஊசி போடாத வள்ளி மாட்டுக்குச் சினை கலஞ்சுட்டு. ஊசி வேண்டாம்னு அவகிட்டச் சொன்னவளும் நான்தான்."

அவ முன்னால நடந்து போய் அண்ணாச்சி நாற்காலிக்கு நேரா நின்னா.

"நான் சொல்லிட்டேன். இனி நீங்க சொல்லுங்க அண்ணாச்சி."

அம்புட்டுப் பேரும் அவரையே பாத்தாங்க. முதல் மரியாதை வாங்குற மனுசன், வேட்டி நுனியக் கசக்கிக்கிட்டே இருந்தாரு. உக்காரவும் முடியல, எந்திரிக்கவும் முடியல. அவ நகரல. அன்னைக்கு டீக்கடை வாசல்ல நின்னாளே, அதே நிலை. கடைசியில அவரு குனிஞ்ச தலையோட, வாங்கும்போதே மாட்டுக்குக் காய்ச்சல் இருந்துச்சு, தெரிஞ்சுதான் மறைச்சேன்னு சொன்னாரு. சொன்னது பின்வரிசை வரைக்கும் கேட்டுச்சு. எனக்கு வயிறு குளுந்துச்சு. ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஊரு முன்னால நின்னுட்டாங்கல்லா.

அப்ப எல்லாரும் என் பக்கம் திரும்பினாங்க. பாவம் வள்ளித்தாய், ரெண்டு பேருக்கு நடுவுல மாட்டிக்கிட்டான்னு பக்கத்துல இருந்தவ என் கையப் பிடிச்சா. செல்வி என்னையப் பாக்கவே இல்ல. மாட்டக் கட்டினதுல எனக்கும் பங்கு இருக்குன்னு அவ சொல்லல. சொல்லப் போறதும் இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சுது. கடைசி வரைக்கும் சொல்லாம என்னைய நல்லவளா விட்டுட்டுப் போயிருவா. அவ எனக்குக் குடுத்த தண்டனையிலயே அதுதான் பெருசு.

கைய உருவிக்கிட்டு எந்திரிச்சேன். செவலையப் பின்னால இருந்து பத்திட்டுப் போனது நான்தான்னு சொன்னேன்.