சர்வேயருக்கு வைத்த பேரீச்சம்பழம்

என் கிழட்டு ஸ்கூட்டருக்குத் தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸே போதும் என்றார் உத்திரமேரூர் ஏஜென்ட். "நீங்க யாரையாவது இடிச்சா அவங்களுக்குக் குடுப்பாங்க சார். உங்க வண்டிக்கு ஒண்ணும் கெடைக்காது. ஆனா இந்த வண்டியில இன்னா கீது?"

அந்தக் கடைசிக் கேள்வி என்னைச் சுட்டது. என் வண்டியின் சேதத்துக்கும் பணம் தரும் காம்ப்ரிஹென்சிவ் பாலிசியையே வீம்புக்கு எடுத்தேன்.

நாலாவது மாதம் சாலவாக்கம் ஏரிக்கரையில் ஒரு எருமைக்கு வழிவிட்டு வாய்க்காலில் விழுந்தேன். முன் மட்கார்டு சுருண்டது, ஹெட்லைட் போனது. உடனே கிளெய்ம் எழுதிப் போட்டேன். சேதத்தை மதிப்பிட சர்வேயர் காஞ்சிபுரத்திலிருந்து வெள்ளிக்கிழமை வருவதாகக் கடிதம் வந்தது.

ஆபீசர் வீடு தேடி வரும்போது வண்டி அலங்கோலமாகவா நிற்கும்? மெக்கானிக்கை விரட்டிப் புது மட்கார்டு, புது லைட் போட்டு, பெயின்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து நிறுத்தினேன்.

சர்வேயர் வண்டியை இரண்டு சுற்று சுற்றினார். "அடிபட்ட வண்டி எங்க சார்?"

"இதான் சார்."

"ரிப்பேருக்கு முன்னாடியே நான் பாக்கணும். சரி, கழட்டின பழைய மட்கார்டையாவது காட்டுங்க, எழுதறேன்."

அதை முந்தின நாள்தான் பழைய இரும்புக்காரனிடம் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கியிருந்தேன். காப்பியோடு தட்டில் வைத்திருந்ததில் பாதியை அவர் சாப்பிட்டு முடித்திருந்தார்.