கீழ்த் துளைத் தண்ணீர்

என் மனைவி அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக மூன்று நிமிட வீடியோ பாடம் எடுக்க அவளுக்கு முதல்முறையாக வாய்ப்பு வந்தது. ஆழம் கூடக் கூடத் தண்ணீரின் அழுத்தம் கூடும் என்பதுதான் பாடம். இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் பேச்சு என்று கோடு போட்டு ஸ்கிரிப்ட் எழுதினாள். மூத்த ஆசிரியர் ஒருவர் படித்துப் பார்த்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். படம் பிடிக்கிற அன்றே சாயங்காலத்துக்குள் வீடியோவை அனுப்பாவிட்டால் வாய்ப்பு வேறு பள்ளிக்குப் போய்விடும்.

சுரங்கத்தில் எனக்கு அன்று வார ஓய்வு. மொபைலில் படம் பிடிக்க நான்தான் போனேன். புறப்படும்போது முருகனுக்குச் சூடம் காட்டிக் கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினோம்.

ஆய்வக மேசையில் பாட்டிலை வைத்தாள். மேலே, நடுவே, அடியில் என்று மூன்று துளைகள். மட்டம் குறையாமல், கையெழுத்துப் போட்ட அந்த மூத்த சார் செம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். துளைகளை மூடி ஒட்டியிருந்த டேப்பை அவள் உரித்தாள்.

"பாருங்க பிள்ளைங்களா, அடியில இருக்குற தண்ணிதான் ரொம்ப தூரம்..."

அதற்கு மேல் பேச்சு வரவில்லை. அடித் துளைத் தண்ணீர்தான் எல்லாவற்றிலும் கிட்டே விழுந்தது.

"வீட்ல நல்லாத்தானே வந்துச்சு" என்றேன்.

சார் சிரித்தார். "இதுக்கெல்லாம் முழிக்காதீங்க டீச்சர்." என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க கேமராவைக் கிட்ட வைங்க. பாட்டில் மட்டும் தெரிஞ்சா போதும், விழுற இடம் யாருக்குத் தெரியப்போவுது?"

நான் படித்தது பத்தாவது வரை. பெரியவர் சொல்கிறாரே என்று மொபைலை நகர்த்தப் போனேன்.

"ஏங்க, கை வைக்காதீங்க" என்றாள். "பிள்ளைங்க வீட்ல செஞ்சு பாப்பாங்க, சார். நாளைக்கு ஏன் வரலைன்னு என் மூஞ்சிக்கு நேராத்தான் கேப்பாங்க."

"ஸ்கிரிப்ட்ல நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்மா."

அவள் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். மணி நாலரை. முருகா, இவளைக் கைவிடாதே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"துவைக்கிற கல்லு" என்றாள் திடீரென்று. "வீட்ல கல்லு மேல வச்சோம், தண்ணி தரையில விழுந்துச்சு. அடித் தண்ணி வேகமாத்தான் வருது. இங்க துளைக்குக் கீழயே மேசை இருக்குறதால, தூரம் போறதுக்குள்ள விழுந்துடுது."

ஸ்டூலை மேசைமேல் ஏற்றி, அதன் மேல் பாட்டிலை வைத்தாள். இம்முறை அடித் தண்ணீர் மற்ற இரண்டையும் தாண்டி மேசையின் கோடிக்கே போனது.

ஸ்கிரிப்டில் வணக்கம் சொல்கிற இரண்டு வரியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் மேசைமேல் ஒன்று, ஸ்டூல்மேல் ஒன்று என்று இரண்டு சோதனையையும் எழுதினாள். சார் தாளை வாங்கி வெகுநேரம் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மூணு நிமிஷத்துல முடிச்சிடுவீங்களா?"

"முடிச்சிடுவேன், சார்."

"நானும் இத்தனை வருஷமா இதை ஏத்தி வச்சுப் பார்த்ததில்ல" என்று சொல்லிவிட்டு, திருத்தத்தின் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு மறுபடியும் செம்பை எடுத்துத் தண்ணீர் ஊற்ற நின்றார்.

நான் மொபைலைப் பின்னால் தள்ளி, மேசை முழுவதும் தெரியும்படி வைத்தேன்.