இடது பக்கத்து அடுப்பு

தெருவில் அவருக்கு 'நாளைக்கு மெக்கானிக்' என்று பெயர். சும்மா வைத்த பெயர் இல்லை, பாடுபட்டுச் சம்பாதித்தது. மின்சார அடுப்பைப் பழுது பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் எப்போது வருவீர்கள் என்று கேட்டால் நாளைக்கு என்பார். சொன்ன நாளைக்கு வந்தும் விடுவார், அதையும் சொல்லத்தான் வேண்டும். அவருடைய நாளை வராமலே போனது ஒரே ஒரு வீட்டுக்குத்தான். அது அவருடைய சொந்த வீடு.

பத்து மாதத்துக்கு முன்னால் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் அடுப்பு சூடாகவில்லை. சூட்டைக் கூட்டிக் குறைக்கிற ரெகுலேட்டர் சுவிட்சு போய்விட்டது. அந்த வீட்டில் பிறந்து பத்து நாளான குழந்தை. கடையில் அந்த மாடல் இல்லை, அவர் வீட்டு அடுப்பில் இருந்தது. மனைவிதான் சொன்னாள்.

"பச்சைக் குழந்தை இருக்கிற வீடு. நம்மளுதைக் கழட்டிக் குடுங்க. நமக்கு நாளைக்குப் போட்டுக்கலாம்."

கழற்றிக் கொடுத்தார். அந்த இடம் ஓட்டையாகத் தெரியக் கூடாதென்று அவர்களுடைய கெட்டுப்போன சுவிட்சை இங்கே மாட்டி, குமிழையும் செருகி வைத்தார். பார்த்தால் நல்ல அடுப்புதான். திருகினால் டக்கென்று சத்தம் வரும், சூடு வராது.

அவர்கள் வீட்டு அடுப்பில் சூடாகிச் சிவக்கிற கம்பிச்சுருள், அதாவது காயில், இருப்பதே இரண்டு. இடது பக்கம் செத்துவிட்டால் எல்லாம் வலது பக்கத்தில்தான், ஒன்று இறங்கினால்தான் அடுத்தது ஏறும். மனைவிக்கு இதயம் பலவீனம். ரொம்ப நேரம் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவருக்கும் அது தெரியும். தெரிந்தும் தினம் ஊரார் அடுப்பையெல்லாம் எரியவைத்துவிட்டு வந்து, அவள் ஒற்றை அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, நாளைக்கு என்று சொல்லிப் படுத்தார். அவளும் வாயைத் திறக்கவில்லை. நல்ல மனுஷன்தான், யார் இல்லை என்றது? போன மாதம் அவள் இறந்துபோனாள்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் துணைக்கு வந்திருந்தாள். இடது பக்கம் பாத்திரத்தை வைத்துத் திருகியவள் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

"அப்பா, இது எப்போ கெட்டுச்சு?"

பத்து மாதம் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அவள் அவரையே ஒரு நிமிஷம் பார்த்தாள். பாத்திரத்தை வலது பக்கம் மாற்றி வைத்தாள்.

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே போய் நின்று சுவிட்சை வாங்கி வந்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அவரே தன்னைத் திட்டிக்கொண்டார். மெயினை அணைத்து, மேல்தட்டைத் தூக்கினார். பழைய சுவிட்சின் உள்ளே சூட்டில் வளைந்து வளைந்து கரண்டை விட்டும் நிறுத்தியும் கொடுக்கிற தகட்டின் முனை கருகிப் போயிருந்தது. எந்த ஒயர் எந்த முனையில் என்று பார்த்துப் பார்த்துப் புதியதில் மாட்டி, தட்டை மூடி, மெயினைப் போட்டுத் திருகினார். குமிழுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன விளக்கு எரிந்தது. காயில் சூடாகவில்லை.

விளக்கு எரிந்தால் சுவிட்சு வரைக்கும் கரண்டு வருகிறது; கோளாறு அதற்கு அந்தப் பக்கம். திரும்ப மெயினை அணைத்தார். காயிலை உருவி மீட்டரை வைத்துப் பார்த்தார். நாற்பத்தைந்து ஓம் காட்டியது. காயில் நன்றாகவே இருந்தது. மிச்சம் அதன் இரண்டு கால்களும் செருகுகிற சாக்கெட்தான். டார்ச் அடித்துக் குனிந்தார்.

அதில் ஒரு குறையும் இல்லை; காயில்தான் பாதி செருகியபடி நின்றிருந்தது, இழுக்காமலே கையோடு வந்ததே. கரண்டு ஓடும்போது லூசாக இருந்திருந்தால் பொறி பறந்து கருகியிருக்கும். ஒரு புள்ளி கரிகூட இல்லை. கரண்டு வராத நாட்களில் யாரோ காயிலை உருவி, திரும்ப முழுசாக அழுத்தாமல் விட்டிருக்கிறார்கள். அந்த வீட்டில் யாரோ என்று யார் இருந்தார்கள்?

அப்போதுதான் காயிலுக்கு அடியில் இருக்கும் கிண்ணத் தட்டைக் கவனித்தார். வலது பக்கத்துத் தட்டில் பொங்கி வழிந்த கறை. இடது பக்கத்துத் தட்டு முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. சமைக்கவே சமைக்காத அடுப்பின் காயிலை மனைவி உருவி உருவித் தட்டைத் துடைத்து வைத்திருக்கிறாள். நாளைக்குச் சரியாகிவிடும் அல்லவா, அதற்காக. காயிலைத் திரும்பத் தள்ள அவள் கையில் அவ்வளவுதான் தெம்பு இருந்திருக்கிறது.

அவர் காயிலைக் கடைசி வரை அழுத்தினார். மெயினைப் போட்டுத் திருகினார். மெதுவாகச் சிவந்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மகள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"இதைச் சொல்லவே கூடாதுன்னு நினைச்சேன்பா. ஒவ்வொரு தடவை போன்ல அடுப்பைப் பத்திக் கேக்கும்போதும், அப்பா மறுநாளே புதுசு வாங்கிப் போட்டுட்டார்னுதான் அம்மா சொன்னாங்க. ரெண்டு அடுப்பும் நல்லா எரியுதுன்னு சொன்னாங்க."

மகள் வலது பக்கத்தில் இருந்த பாத்திரத்தைத் தூக்கி இடது பக்கம் வைத்தாள். அது கொதிக்கிற வரைக்கும் அவர் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.