பிரவீனாவின் ஒன்பது மாதங்கள்

பிரவீனா ஆண்டு விடுப்பு எடுத்தால் கடற்கரைக்குப் போவதில்லை, கேமரன் மலைக்கும் போவதில்லை. ஜொகூர் பாரு நீதிமன்றத்துக்கு வந்து, பொதுமக்கள் உட்காரும் கடைசி வரிசையில் அமர்ந்துகொள்வாள். யாருடைய வழக்கு என்பதெல்லாம் அவளுக்குப் பொருட்டில்லை. இது எனக்குப் பல ஆண்டுகள் தெரியாது. போன மாதம் ஒரு விபத்து வழக்கில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்துவிட்டுத் திரும்பியபோதுதான் அவளைப் பார்த்தேன். மடியில் குறிப்பேடு. எழுதிக்கொண்டிருந்தாள், கல்லூரியில் எழுதியதைப் போலவே தலையைச் சாய்த்து.

நாங்கள் இருவரும் ஒரே அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டு சட்டம் படித்தவர்கள். அவள் பத்து பாகாட் ஊர்க்காரி. அப்பா செல்லப்பன் துணித் தொழிற்சாலையில் சாயப் பிரிவில் வேலை செய்தார். அவர் நகக்கண்ணில் எப்போதும் ஏதோ ஒரு நிறம் இருக்கும். மாதிரி நீதிமன்றப் போட்டிகளில் பிரவீனா எழுந்து நின்றால் எதிரணிக்குத் தயாரித்து வந்த பதில் மறந்துபோகும். எனக்கும்தான், பல முறை அந்த எதிரணியில் நான்தான் இருந்தேன். வகுப்பில் யார் வழக்கறிஞர் ஆவார், யார் ஆகமாட்டார் என்று பந்தயம் கட்டியிருந்தால் அவள் பெயரில் கட்டாதவன் முட்டாள்.

படிப்பு முடிந்ததும் எங்கள் இருவருக்கும் கல்விக் கடன் கடிதம் வந்தது. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே தொகை, இருபத்தாறாயிரம் ரிங்கிட். வழக்கறிஞராக வேண்டுமென்றால் அடுத்து ஒன்பது மாதம் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி பெற வேண்டும். அதைச் சேம்பரிங் என்போம். அந்த ஒன்பது மாதமும் வேறு வேலை பார்க்கச் சட்டம் விடாது. ஜொகூர் பாருவில் ஒரு நிறுவனம் பிரவீனாவைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தது. மாதம் ஆயிரம் ரிங்கிட் உதவித்தொகை. அதே வாரம் சிங்கப்பூரில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் இழப்பீட்டுப் பிரிவில் வேலை கிடைத்தது. இரண்டாயிரத்து நானூறு வெள்ளி, அதுவும் சிங்கப்பூர் வெள்ளி.

ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட் என்று பெருக்கிப் பார்ப்பது ஜொகூர்க்காரர்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி. பெருக்கியதில் வாடகையையும், ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்தில் போகிற மணிநேரங்களையும், விடிவதற்கு முன் எழுவதையும் யாரும் கழிப்பதில்லை.

செல்லப்பன் மாமா பிரவீனாவின் கல்விக் கடன் கடிதத்தின் முதல் பக்கத்தைச் சாமி மேடையில், முருகன் படத்துக்குக் கீழே வைத்தார். மொத்தத் தொகை எல்லோர் கண்ணிலும் படும்படி. காலையில் விபூதி பூசும்போதெல்லாம் அந்த இருபத்தாறாயிரம் அவரைப் பார்த்தது. அவர் வாழ்நாளில் அவ்வளவு பணத்தை யாரிடமும் வாங்கியதில்லை. அவள் அம்மா தனலெட்சுமி ஒரு நாளும் கடிதத்தின் மேல் பூ வைக்க மறந்ததில்லை. இரண்டாவது பக்கம் உறையிலேயே கிடந்தது.

“ஒரு வருஷம்தான் ஷர்மினி,” என்று அப்போது என்னிடம் சொன்னாள். “கடன முடிச்சிட்டு வந்து சேம்பரிங் போறேன். அப்பா தூங்க மாட்டேங்கிறாரு.”

“ஒரு வருஷம்தானே. போயிட்டு வா லா,” என்றேன் நான்.

அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. ஏனென்றால் இரண்டாவது பக்கத்தில் இருந்தது எனக்குத் தெரியும். என் அப்பா சிவசம்பு அரசாங்க அலுவலகத்தில் முப்பது ஆண்டு குமாஸ்தா. யாழ்ப்பாணத்து வழிவந்த எங்கள் வீட்டில் அரசாங்கக் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படிக்காமல் யாரும் சாப்பிட உட்கார மாட்டார்கள். படிப்பு முடிந்து பன்னிரண்டு மாதம் கழித்துத்தான் முதல் தவணை. பதினைந்து ஆண்டு அவகாசம். ஆண்டுக்கு ஒரு விழுக்காடு நிர்வாகக் கட்டணம். மாதம் நூற்று எழுபது ரிங்கிட்கூட வராது. அதாவது சேம்பரிங் முடியும் வரை அந்தக் கடன் வாயே திறக்காது. அந்தத் தைரியத்தில்தான் நான் ஆயிரம் ரிங்கிட்டுக்குப் பயிற்சியில் சேர்ந்தேன். இதை அவளிடம் சொல்லவில்லை. எங்கள் வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள், அவளுக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டேன்.

ஒரு வருடம் இரண்டானது. பிறகு கொரோனா வந்து பாலத்தை மூடினார்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் ஒரு வாடகை அறையில் இருந்தாள். சன்னலைத் திறந்தால் நீருக்கு அந்தப் பக்கம் ஜொகூர் பாரு கட்டடங்கள் தெரியும். “கோர்ட்டு எந்தப் பக்கம் இருக்கும்னு தேடுவேன்,” என்று தொலைபேசியில் சொல்வாள். பாலம் திறந்ததும், அரசாங்கம் கல்விக் கடனுக்குத் தள்ளுபடி அறிவித்த நேரம் பார்த்துக் கடனை மொத்தமாகக் கட்டி முடித்தாள். மாமா முதல் பக்கத்தை மேடையிலிருந்து எடுத்துச் சூடம் காட்டினார். ஆனால் அதற்குள் சம்பளத்தை நம்பிப் பெற்றோருக்கு ஒரு தரை வீடு வாங்கியாயிற்று. அந்த வங்கித் தவணைக்குப் பொறுமை கிடையாது. கல்விக் கடன் இருந்தவரை அதைச் சொல்லிச் சமாதானமாவாள். அது போனபின் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாமல், ஆசை மட்டும் மிச்சமிருந்தது.

கடைசி வரிசையில் அவளைப் பார்த்த அன்று, வழக்கு முடிந்து இருவரும் நீதிமன்றக் கேண்டீனில் உட்கார்ந்தோம். தே ஓ ஐஸ், பாலில்லாத பனித் தேநீர், வந்தது. அவள் குடிக்கவில்லை.

“சாட்சி லைட்டு பச்சைன்னு சொன்னப்ப நீ அங்கயே நின்னிருக்கணும்,” என்றாள். “அடுத்த கேள்விக்குப் போய் அவன தப்பிக்க விட்டுட்ட.”

அவள் சொன்னது உண்மை. எனக்கு அவமானமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. ஏறக்குறைய ஏழு ஆண்டுகளாகக் கறுப்பு அங்கி போட்டுப் பேசுகிறவள் நான், கடைசி வரிசையிலிருந்து அதைச் சரியாகப் பார்த்தவள் அவள்.

அப்போதுதான் அந்த இரண்டாவது பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், எனக்குத் தெரிந்திருந்தது என்பதையும் சேர்த்து.

பனிக்கட்டி கரைந்து தேநீர் வெளுத்துப் போனது.

“தெரியும்,” என்றாள். “பணம் கட்டி முடிச்ச அன்னைக்குத்தான் உறைய பிரிச்சிப் பார்த்தேன். அப்பாகிட்ட சொல்லல. அவருக்குத் தாங்காது.”

“என்கிட்ட ஏன் கேக்கல?”

“கேட்டு என்ன செய்ய? கோவந்தான் வரும்.” குறிப்பேட்டை மூடினாள். “ஒனக்கு ஏழு வருஷம் எப்ப முடியுது?”

எனக்குப் புரியச் சற்று நேரமானது. தொடர்ந்து ஏழு ஆண்டு தொழில் செய்த வழக்கறிஞர்தான் பயிற்சிக்கு ஆள் எடுக்க முடியும். என்னிடம் யாரும் அதுவரை அந்தக் கணக்கைக் கேட்டதில்லை. நானே பார்த்ததில்லை.

“அடுத்த மாசம்,” என்றேன்.

“நானும் அப்பிடித்தான் எண்ணி வச்சிருந்தேன். வீட்டுத் தவணை ஒன்பது மாசத்துக்குத் தனியா எடுத்து வச்சிட்டேன். அப்பா அம்மாகிட்டயும் பேசிட்டேன். வேலைய விட்டுட்டு வரேன். என்ன எடுத்துக்குவியா?”

என் சிறிய அலுவலகத்தை நினைத்தேன். ஒரு குமாஸ்தா, ஓட்டை ஏர்கான், இரண்டு மேசை. சொல்ல நாக்கு கூசியது.

“ஆயிரத்து ஐநூறுக்கு மேல என்னால குடுக்க முடியாது, பிரவீனா.”

அவள் சிரித்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது, கண் மட்டும் என்னைத் தாண்டி நீதிமன்றத்துப் படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அன்னைக்கு ஆயிரம்னுதான் சொன்னாங்க,” என்றாள். “எட்டு வருஷத்துல ஐநூறு ஏறியிருக்கு.”