மயக்கம் என்று ஒரு சொல்

என் இன்சூரன்ஸ் கிளெய்மைக் கெடுத்தவன் என் மச்சான். வேறு யாருமில்லை.

நானும் என் மனைவியும் ஆறு நாள் மலேசியா டூர் போயிருந்தோம். மூன்றாம் நாள் மச்சான் போன் செய்தான். வரப்பில் விழுந்து என் அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அன்றே டிக்கெட் எடுத்துத் திரும்பினோம். பயணக் காப்பீடு இருந்தது. பெற்றோர் திடீர் விபத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பயணம் பாதியில் நின்றால் செலவைத் தருவார்கள். பழைய நோயால் என்றால் தரமாட்டார்கள்.

இரண்டு டிக்கெட்டுகள், போர்டிங் பாஸ், மீதி நாளுக்குப் பணம் திரும்பாது என்ற டூர்க்காரர் கடிதம், அப்பா பெயர் உள்ள என் பாஸ்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் அனுப்பினேன். நிராகரித்துவிட்டார்கள். சம்மரியில் 'மயங்கி விழுந்தார், சர்க்கரை நோயாளி' என்று இருந்ததாம். மயக்கம் பழைய சர்க்கரையால் வந்தது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

எனக்கு ஆச்சரியம். ஒரு சொல் இவ்வளவு செய்யுமா? அப்பாவிடம் கேட்டேன்.

"இன்னா மயக்கம்? மோட்டார் தண்ணி வுட்ட வரப்பு. சேத்துல வழுக்கிச்சி. நான் முழிச்சிக்கினுதான் இருந்தேன்" என்றார்.

அப்படியானால் மயக்கம் எங்கிருந்து வந்தது? அட்மிஷன் நேரத்தில் கூட இருந்த மச்சானைப் பிடித்தேன்.

"நான்தான் மாமா சொன்னேன். வழுக்கி வுயுந்தாருன்னா ஊர்ல இன்னா சொல்லுவானுங்க? சரக்கு போட்டுக்கினு வுயுந்தாருன்னு பேஜார் பண்ணுவானுங்க. மயக்கம்னா மரியாதை."

"மரியாதையைக் கொண்டுபோய் அடகு வைடா" என்றேன்.

அப்பாவுக்கு வைத்தியம் பார்த்த உத்திரமேரூர் டாக்டர் பழைய சம்மரியைத் திருத்த மறுத்தார். "அது உங்க ஆளு சொன்னது. நான் பாத்ததைத் தனியா எழுதித் தரேன்" என்றார். கேஸ் ஷீட்டைப் புரட்டினார். வந்தபோது முழு நினைவு, சர்க்கரை அளவு சரி, மது வாடை இல்லை. முறிவுக்குச் சர்க்கரை காரணமாகத் தெரியவில்லை என்றும் எழுதிக் கையெழுத்திட்டார். மறுபரிசீலனைக்கு அனுப்பினேன். இந்த முறை கம்பெனி மறுக்கவில்லை. விழுந்ததைக் கண்ணால் பார்த்தவரின் வாக்குமூலம் மட்டும் கேட்டது.

பார்த்தது ஒரே ஆள். பக்கத்து வரப்பில் நின்ற மச்சான்.

"நம்மூரு மானாம்பதி டீக்கடை முச்சூடும் மயக்கம்னு சொல்லிட்டேன் மாமா. இப்ப மாத்தி எழுதினா நான் இன்னா பொய்யனா?" என்று கையெழுத்துப் போடாமல் சுற்றுகிறான்.

எழுதச் சொல்வது பொய்யையா? கண்ணால் பார்த்ததைத்தானே? அதனால் எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதிக் கேட்கிறேன். மச்சான், அதே டீக்கடையில், அதே ஆட்கள் முன்னால் பதில் சொல்: அன்றைக்கு என் அப்பா மயங்கினாரா, வழுக்கினாரா?